சந்தனக் கவுனில் ரோஜாச் சாயல்

திங்கட்கிழமை காலை மேலாளர் அந்தப் படத்தைத் திரையில் விரித்துக் காட்டியபோது, கலர் அக்காவின் கண்ணில் முதலில் பட்டது கவுன் அல்ல, அண்ணியின் இடது கை. அது கவுனின் பைக்குள் பாதி நுழைந்து, கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் கை மாதிரி அலட்சியமாக இருந்தது. அந்தக் கையை அப்படி வைக்கச் சொன்னது தான்தான் என்பது கலர் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவளுக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர் வந்து வருஷம் பத்தாகிறது. இணையத்தில் துணி விற்கும் அந்தக் கடையில் படப் பிரிவு அவள் பொறுப்பு. ஒரு சட்டையை ஒரே ஒரு நிறத்தில் தைத்து, ஒரு பெண்ணுக்குப் போட்டு ஒரு படம் எடுப்பார்கள். மீதி நிறங்களெல்லாம் அவள் மேஜையில் பிறக்கும். பதினைந்து நிறத்துக்குப் பதினைந்து முறை ஆளை உடை மாற்றி நிறுத்துவதற்கு எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் இணையக் கடையில் பச்சைச் சட்டையில் சிரிக்கிற பெண்ணும் நீலச் சட்டையில் சிரிக்கிற பெண்ணும் ஒரே சிரிப்பைத்தான் சிரிப்பார்கள்.

மேலாளர் சின்ன வயசுக்காரி, பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது. பழைய வாடிக்கையாளர்கள் இந்தக் கவுனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அதே வெட்டு, அதே பருத்தி, அதே பெரிய இரண்டு பைகளோடு திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். புதுப் படம் வேண்டாம், இந்தப் பழைய படமேதான் வேண்டும், அதில் பன்னிரண்டு நிறம் வேண்டும் என்றாள். துணி மாதிரிகள் ஏற்கெனவே மேஜைக்கு வந்துவிட்டிருந்தன.

"படத்துல இருக்கிறவங்க கையெழுத்து வேணும்க்கா. நம்ம கோப்புல அனுமதிக் கடிதமே இல்லை. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்க அண்ணி" என்றாள் கலர் அக்கா.

மேலாளர் அப்பாடா என்று மூச்சுவிட்டு எழுந்து போனாள். வீட்டு ஆள்தானே, ஒரு நிமிஷ வேலை என்று அவள் நினைத்திருப்பாள். பன்னிரண்டு வருஷமாக அண்ணியும் நாத்தனாரும் விசேஷ வீடுகளில் "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

*

அந்தப் படம் எடுத்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாடி அறையில். கீழே சைக்கிள் கடை, மேலே இவர்கள் மூவரும் தொடங்கிய இணையத் துணிக்கடை. அறைக்குள் தையல் மிஷின் ஒன்று, மடிக்கணினி ஒன்று, இரும்புக் கட்டில் ஒன்று. கட்டிலின் மேல் துணி, கீழே துணி. உட்கார வேண்டுமென்றால் எதையாவது தூக்கி எதன்மேலாவது வைக்க வேண்டும். அண்ணி தைப்பாள், கலர் அக்கா படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவாள். அண்ணன் வண்டி ஓட்டிவிட்டு வந்து பார்சல் கட்டுவான். அவன் கட்டுகிற பார்சலைப் பிரிக்க அரிவாள் வேண்டும் என்று அண்ணி கிண்டல் செய்வாள்.

கடையின் முதல் கவுன் அது. நல்ல துணியில் ஒரு கவுனுக்கு மட்டும்தான் வாங்க முடிந்தது. என்ன நிறம் வாங்குவது என்று இருவரும் ஒரு மாலை முழுக்க யோசித்தார்கள். கடைசியில் வெளிர் சாம்பல் என்று முடிவு செய்தது அவள்தான். வெளிர் சாம்பலில் மடிப்பும் நிழலும் தெளிவாக விழும், அதன்மேல் எந்த நிறத்தையும் ஏற்றலாம். கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் போவது குதிரைக்கொம்பு, வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போகலாம் என்று அவள் விளக்கியபோது அண்ணி வாயில் குண்டூசிகளோடு தலையாட்டினாள்.

அண்ணி அளவுக்கே தைத்ததால் அண்ணியே போட்டுக்கொண்டாள். காலை வெயில் ஒரு பக்க ஜன்னல் வழியாக வரும். மறுபக்கம் இருட்டாகிவிடாமல் இருக்க ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். போர்வை பிடிக்கும் உத்தியோகம் அண்ணனுக்கு. அவன் அரை மணி நேரத்தில் ஆயிரம் தடவை "முடிஞ்சுதா?" என்று கேட்டான். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முழுசாக வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படம் அது.

அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பது நிறம் செய்தாள். கடுகு மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரவர, அண்ணி பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏய் சிட்டு, நான் ஒரே நாள்ல ஒன்பது கவுன் வாங்கிட்டேன்டி" என்றாள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அந்த மாதிரி அதன் பிறகு யாரும் அவள் தோளைப் பிடித்ததில்லை.

கவுன் பிய்த்துக்கொண்டு போனது. சைக்கிள் கடைக்காரர் படிக்கட்டில் பார்சல் தடுக்கி விழுந்து, பிறகு அவரே ஒத்தாசையாகத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்குப் போனது. எல்லா நிறமும் போனது. சந்தனம்தான் காலை வாரியது. விற்றதில் பாதி திரும்பி வந்தது. எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்கள். படத்தில் மெல்லிய ரோஜாச் சாயல் இருந்தது, அதை நம்பி வாங்கினோம், வந்ததோ வெறும் சந்தனம்.

திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பது அண்ணி. ஃபோனில் திட்டு வாங்குவதும் அண்ணி. துணியில் இல்லாத ரோஜாவைப் படத்தில் நீதான் ஏற்றினாய் என்றாள் அவள். துணி மாதிரியைத் திரையோடு ஒட்டிவைத்து வலது தோளில் பொருத்திப் பார்த்துத்தான் செய்தேன், சாயக்காரர்தான் மாற்றிவிட்டார், மலிவாகக் கிடைக்கிறது என்று அவரிடம் போனது நீங்கள்தான் என்றாள் சிட்டு. வார்த்தை தடித்தது. "உனக்கு ஒரு நொடில கலர் மாறிடும். எனக்கு ஒரு மாசம் ஆகுது" என்றாள் அண்ணி. அதற்குச் சிட்டு சொன்ன பதிலைத்தான் அவளே பிற்பாடு பல வருஷம் மென்று விழுங்க முடியாமல் கிடந்தாள்.

"படத்துல நின்னதைத் தவிர நீங்க என்ன பண்ணீங்க?"

அந்தக் கவுனை வரைந்து, வெட்டி, தைத்து, பட்டன் கட்டியவளிடம் இப்படிக் கேட்டாள். அண்ணி மிஷினின் மேல் உறையைப் போட்டு மூடினாள். ஆறு மாதத்தில் கடையின் பெயரையும் மாதிரிகளையும் ஒரு பெரிய கடை வாங்கிக்கொண்டது. சிட்டு அதோடு சேர்ந்து வேலைக்குப் போனாள். அண்ணி வீட்டிலேயே துணி தைக்க ஆரம்பித்தாள்.

*

கையெழுத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று கலர் அக்கா வேலையை ஆரம்பித்தாள். வேலை இருந்தால் யோசிக்க வேண்டாம் என்பது அவள் வழக்கம்.

கேமராவிலிருந்து இறங்கியபடியே கைபடாத கோப்பு பழைய வன்தட்டில் பத்திரமாக இருந்தது. முதலில் கவுனை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டிப் பிரித்தாள். தோளில் விழுந்த முடியை இழை இழையாக ஒதுக்கினாள். பைக்குள் நுழைந்த விரல்களை விட்டாள், பட்டன்களை விட்டாள். துணி நிறம் மாறினாலும் சிப்பிப் பட்டன் மாறக் கூடாது. பிறகு பகல் வெளிச்ச விளக்கின் கீழே துணி மாதிரியை வைத்து, திரையைப் பார்த்து, மாதிரியைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்து ஒவ்வொரு நிறமாகப் பொருத்தினாள். அரக்குக்கு நிழலைக் கொஞ்சம் ஆழமாக்கினாள். கறுப்பை வெறுமனே இருட்டாக்கினால் மடிப்பெல்லாம் செத்து, கவுன் கரித்துண்டு மாதிரி ஆகிவிடும் என்பதால் மடிப்பின் மேட்டில் வெளிச்சத்தைத் தனியாகக் காப்பாற்றினாள். இரண்டு நாளில் பதினொன்று முடிந்தது.

சந்தனம் மட்டும் மிச்சம். அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தது அவளுக்கே தெரிந்தது.

மற்ற நிறங்களில் பழைய நிறத்தை முழுசாக எடுத்துவிட்டுப் புது நிறத்தை அந்த இடத்தில் வைக்கலாம். சந்தனத்தில் அப்படிச் செய்தால் துணி பிளாஸ்டிக் மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிடும். அதனால் சாம்பலின் மேலேயே மெல்லிசாக ஒரு பூச்சுதான் பூச வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருந்தாள். பூசினாள். வலது தோள் மாதிரியோடு அச்சாகப் பொருந்தியது. கண்ணை இடது பக்கம் நகர்த்தினாள். அங்கே இடுப்பிலிருந்து கீழ்விளிம்பு வரைக்கும், தொட்டும் தொடாமலும், ரோஜா.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் காலத்து மடிக்கணினித் திரை நீலம் பாய்ந்தது. அதில் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாங்கியவர்களின் திரைகளில் தெரிந்திருக்கிறது.

பூச்சை நீக்கினாள். கைபடாத சாம்பல் படத்தை எடுத்து, ஒளிந்திருக்கும் நிறத்தைக் கண்டுபிடிக்கச் செய்கிற ஒரு வேலையைச் செய்தாள். நிறத்தின் அடர்த்தியை ஒரேயடியாக உச்சிக்கு ஏற்றினாள். சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்த கவுனின் வலது பாதி சாம்பலாகவே நின்றது. இடது பாதி வெட்கப்பட்ட கன்னம் மாதிரி சிவந்துபோனது. அப்படியென்றால் இது பூச்சில் வந்த நிறமே இல்லை, சாயத்தில் வந்ததும் இல்லை. படம் எடுத்த அந்த நொடியில் வெளிச்சத்திலேயே கலந்து வந்திருக்கிறது.

அந்த அறையில் எது சிவப்பு? சுவர் வெள்ளை, போர்வை வெள்ளை, கட்டில் பச்சை. அவளுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் அண்ணியின் கண்ணைப் பெரிதாக்கினாள். முகப்படம் திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆளுக்கு எதிரே என்ன இருந்தது என்று கண்மணி சொல்லும். ஒரு ஓரத்தில் ஜன்னல் சின்ன வெள்ளைக் கட்டமாக இருந்தது. மறு ஓரத்தில் இரண்டு வெள்ளை இறக்கைகள். இறக்கைகளுக்கு நடுவில் சதுரம் சதுரமாக உடைந்துபோன, நாலைந்து புள்ளி அகலமுள்ள ஒரு சிவப்பு.

அண்ணன்.

கை வலிக்கிறது என்று போர்வையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோளோடு சேர்த்து விரித்துப் பிடித்திருக்கிறான். போர்வைக்கு முன்னால் அவன். அவன் மேல் அப்போது அடிக்கடி போடும் செக்கச் செவேலென்ற சட்டை. ஜன்னல் வெயில் நேரே அதில் அடித்து அண்ணியின் கவுனில் திரும்பி விழுந்திருக்கிறது. அவள் கேமராவுக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவள் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், வெகுநேரம் வரவில்லை.

*

மறுநாள் மத்தியானம் மடிக்கணினியையும் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணனுக்குத் தலையில் முடி பாதியாகியிருந்தது, தொப்பை இரட்டிப்பாகியிருந்தது. அவன் அவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏம்மா, யாரு வந்திருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு, இனி தனக்கு வேலையில்லை என்பதுபோல ஓரமாக நின்றுகொண்டான்.

அண்ணி மிஷினில் இருந்தாள். கழுத்தில் அளவு நாடா. எழுந்திருக்கவில்லை, வா என்று மட்டும் சொன்னாள். சிட்டு கவுன் திரும்ப வரப்போவதைச் சொன்னாள். கையெழுத்து வேண்டுமென்று சொன்னாள். அண்ணி காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, சந்தனமும் உண்டா என்று மட்டும் கேட்டாள்.

உண்டு என்று சொல்லி, சிட்டு அந்தச் சாம்பல் கவுன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அண்ணி அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். பன்னிரண்டு வருஷம் மடித்த மடிப்பு. இருவரும் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்தார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே சாம்பல், மாசு மருவில்லாத சாம்பல். பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து சிட்டு படத்தைக் காட்டினாள். அடர்த்தியை ஏற்றினாள், சிவந்தது. கண்ணைப் பெரிதாக்கினாள்.

"இது என்ன?" என்றாள் அண்ணி.

"உங்க வீட்டுக்காரர்."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் நின்றான். புரிந்ததும், "கை கடுத்துச்சு. அரை மணி நேரம் பிடிச்சா யாருக்கும் கடுக்கும். நான் நகர்ந்தா கேமராவுல விழும்னு நீதானே மிரட்டினே" என்றான். அவன் குரலில் நியாயம் கேட்கிற தொனி இருந்தாலும் முகம் விழுந்துபோயிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பெண்களுக்கும் நடுவில் சமாதானத் தூதனாக ஓடி ஓடித் தேய்ந்தவன் அவன்.

"அந்தச் சட்டையும் நான் தச்சதுதான்" என்றாள் அண்ணி மெதுவாக. "மிச்சத் துணி கிடந்துச்சு, சும்மா இருக்கேன்னு தச்சேன்."

மூவரும் சிரித்தார்கள். சிட்டு அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள். உன் மீதும் தப்பில்லை, என் மீதும் தப்பில்லை, சாயக்காரர் மீதும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவுனைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"கலர் மாறினது எனக்குப் பெரிசே இல்லை சிட்டு. அன்னைக்கும் பெரிசில்லை. திரும்பி வந்த துணியை வேற எப்படியாவது வித்திருப்பேன்." கவுனின் கழுத்துப்பட்டையை விரலால் நீவினாள். "நீ சொன்னதுதான்."

சிட்டு கண்டுபிடித்ததன் சந்தோஷத்தில் வந்துவிட்டாள். மிஷினின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் சமையலறைப் பக்கம் நழுவினான்.

"நான் அதைச் சொன்னேன் அண்ணி" என்றாள். "கோபத்துல வந்துருச்சுன்னு சொல்லமாட்டேன். உங்களுக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன். எந்த இடத்துல சொன்னா வலிக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு கவுனைக்கூட என்னால வெறும் படமாப் பார்க்க முடியலை. யார் தச்சாங்கன்னுதான் முதல்ல கேட்பேன். ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க."

அண்ணி ஆறுதல் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியின் மேல் இருந்த துணிகளைத் தூக்கி மிஷின்மேல் வைத்து, "உட்காரு. எல்லா கலரையும் காட்டு" என்றாள்.

ரோஜா படிந்த சந்தனத்தையும் சேர்த்துப் பன்னிரண்டையும் சிட்டு ஒரே பக்கத்தில் வரிசையாக விரித்தாள். இருபத்தொன்பது வயது அண்ணிகள் பன்னிரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணி கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். அந்த மாடிப் படிக்கட்டில் ஏழாவது படி உடைந்திருந்ததைச் சொன்னாள். சைக்கிள் கடையிலிருந்து வரும் ரப்பர் பசை வாசனை துணியில் ஏறிவிடக் கூடாது என்று காலையில் ஜன்னலை மூடிவைத்ததைச் சொன்னாள். படம் எடுத்த அன்று கவுனின் பின்பக்கம் இன்னும் தைத்து முடியாமல் குண்டூசியில் நின்றதையும், உட்காரவே முடியாமல் இருந்ததையும் சொன்னாள். சிட்டுவுக்கு அது இத்தனை வருஷமும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு நேராக நின்றீர்களா என்று கேட்டாள். பின்னே, அழகுக்கென்றா நினைத்தாய் என்றாள் அண்ணி.

அண்ணன் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தான். இடது பக்கத்துச் சிவப்பை என்ன செய்வாய் என்று கேட்டான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிவப்பை இறக்கிவிட்டு, அப்புறம் சந்தனம் பூச வேண்டும், ஐந்து நிமிஷ வேலை என்றாள் சிட்டு. அவன் கொஞ்சம் தயங்கினான்.

"கடைக்கு எடுத்துடு. நமக்குன்னு ஒண்ணு எடுக்காம வச்சிரு. அந்த ரூம்ல நான் இருக்கிற படம் வேற ஒண்ணுகூட இல்லை."

அண்ணி கையெழுத்துப் போட ஒரு நிபந்தனை வைத்தாள். திரையில் நிறம் பிறந்துவிட்டது என்று அதோடு படத்தைக் கடையில் ஏற்றிவிடக் கூடாது. சாயம் போட்ட துணி வந்த பிறகு, அந்தத் துணியையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்துகிறதா என்று தான் நேரில் வந்து பார்க்க வேண்டும். மேலாளரிடம் ஃபோனில் கேட்டபோது, அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு, பழைய மாதிரியைத் தைத்தவரே வந்து பார்ப்பதாக இருந்தால் அதைக் கடையின் இணையப் பக்கத்திலேயே எழுதிவிடலாமே என்றாள். எழுதுவதானால் நின்றவர் என்று எழுத வேண்டாம், தைத்தவர் என்று எழுதச் சொல் என்றாள் அண்ணி. அப்படியே எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்துச் சாயம் போட்ட துணிகள் வந்தன. அண்ணி தோள்பையோடு அலுவலகத்துக்கு வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பகல் வெளிச்ச விளக்கின் கீழே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். சந்தனம் தேறியது. அரக்கு தேறியது. கடுகு மஞ்சளை விளக்குக்குக் கீழேயும் ஜன்னலோரத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இதில் பச்சை ஏறியிருக்கிறது, படம் சரி, துணிதான் தப்பு என்றாள். சிட்டு அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒப்புக்கொள்ள மனசில்லாமல் இன்னொரு தரம் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. அவள் ஃபோனை எடுத்துச் சாயக்காரரின் எண்ணை அழுத்தினாள். அண்ணி அதற்குள் அடுத்த துணியைப் பிரித்திருந்தாள்.